சென்செக்ஸ் ஏறுகிறது, என் பங்கு இறங்குகிறது: கணக்கு எங்கே இடிக்கிறது?

கேள்வி: ஈரோட்டில் ஜவுளி வியாபாரம் செய்கிறேன். சில வருடங்களாகப் பங்குச் சந்தையிலும் கொஞ்சம் பணம் போட்டு வருகிறேன். நம் பக்கத்துக் கம்பெனி என்று கேபிஆர் மில் வாங்கினேன். அதோடு இன்னும் நாலைந்து நடுத்தரக் கம்பெனிகள் கையில் இருக்கின்றன. டிவியில் "சென்செக்ஸ் 600 புள்ளி உயர்வு" என்று சொல்லும் அன்றைக்கே என் பங்குகளில் முக்கால்வாசி இறக்கத்தில் நிற்கிறது. எம்ஆர்எஃப் பங்கு ஒன்று லட்ச ரூபாய்க்கு மேல் போகிறது. அது சென்செக்ஸிலும் இல்லை, நிஃப்டியிலும் இல்லை என்கிறார் என் புரோக்கர். இவ்வளவு விலை உள்ள பங்கை விட்டுவிட்டு எதை வைத்துத்தான் இந்த எண்ணைப் போடுகிறார்கள்? அமெரிக்காவின் டோ ஜோன்ஸில் விலையை வைத்துத்தான் கணக்கு என்கிறான் என் மகன். எது சரியான கணக்கு?
– வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: உங்கள் மகன் சொல்வது சரிதான். டோ ஜோன்ஸ் பங்கின் விலையைப் பார்க்கிறது. சென்செக்ஸும் நிஃப்டியும் கம்பெனியின் அளவைப் பார்க்கின்றன. ஒரே நாளில் ஒரே மூன்று பங்குகளை வைத்து ஒரு கணக்கு ஏற்றம் என்றும் இன்னொரு கணக்கு இறக்கம் என்றும் சொல்ல முடியும். அதைக் கீழே போட்டே காட்டுகிறேன். முதலில், லட்ச ரூபாய் விலை என்பது ஏன் ஒன்றையும் சொல்லாத எண் என்று பார்த்துவிடலாம்.

எம்ஆர்எஃப் கம்பெனிக்கு இருக்கும் மொத்தப் பங்குகள் சுமார் 42.4 லட்சம்தான். சுமார் அரை நூற்றாண்டாக அந்தக் கம்பெனி போனஸ் பங்கும் கொடுக்கவில்லை, முகமதிப்பைப் பிரிக்கவும் இல்லை. கம்பெனி வளர வளர அந்த வளர்ச்சி முழுவதும் அதே 42 லட்சம் பங்குகளுக்குள் அடைபட்டு, 2023 ஜூனில் ஒரு பங்கு லட்ச ரூபாயைத் தொட்டது. நீங்கள் வைத்திருக்கும் கேபிஆர் மில் அப்படி இல்லை. 2021இல் அது 5 ரூபாய் முகமதிப்புப் பங்கை 1 ரூபாயாகப் பிரித்தது. அன்றைக்கு ஒரு பங்கு வைத்திருந்தவர் கையில் ஐந்து பங்குகள் வந்தன, விலை ஐந்தில் ஒரு பங்காக இறங்கியது. இப்போது அதற்கு 34 கோடிக்கும் மேல் பங்குகள். எம்ஆர்எஃப் பங்குகளைப் போல எண்பது மடங்கு.

எம்ஆர்எஃப் விலையை 1,00,000 ரூபாய் என்றும் கேபிஆர் விலையை 1,000 ரூபாய் என்றும் கணக்குக்காக முழு எண்ணில் வைத்துக்கொள்வோம். விலையைப் பார்த்தால் ஒன்று மற்றதைப் போல நூறு மடங்கு. பங்கு எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள்: எம்ஆர்எஃப் முழுக் கம்பெனியின் மதிப்பு 42,400 கோடி ரூபாய். கேபிஆர் மில்லின் மதிப்பு 34,180 கோடி. சத்தியமங்கலத்திலும் அரசூரிலும் மில் ஓட்டும் கம்பெனிக்கும் நாடு முழுக்க டயர் விற்கும் கம்பெனிக்கும் சந்தை கொடுக்கும் மதிப்பில் பெரிய தூரம் இல்லை. நூறு மடங்கு என்று கண்ணுக்குத் தெரிந்தது, கம்பெனியை எத்தனை துண்டாக வெட்டினார்கள் என்பதன் விளைவுதான்.

இதோடு மூன்றாவதாக ரிலையன்ஸைச் சேர்ப்போம். அதற்குச் சுமார் 1,353 கோடி பங்குகள். விலை 1,300 ரூபாய் என்று வைத்தால் மொத்த மதிப்பு ஏறக்குறைய 17.6 லட்சம் கோடி. எம்ஆர்எஃப் போன்ற கம்பெனிகள் நாற்பது சேர்ந்தால்தான் அதற்கு ஈடாகும்.

இந்த மூன்றையும் வைத்து நாமே ஒரு குறியீட்டெண் போடலாம். டோ ஜோன்ஸ் முறைப்படி என்றால் விலைகளைக் கூட்டி மூன்றால் வகுக்க வேண்டும். கூட்டுத்தொகை 1,02,300, வகுத்தால் 34,100. இனி எம்ஆர்எஃப் ஒரு விழுக்காடு ஏறினால் 1,000 ரூபாய் கூடுகிறது, நம் எண்ணும் கிட்டத்தட்ட ஒரு விழுக்காடு ஏறிவிடுகிறது. ரிலையன்ஸ் பத்து விழுக்காடு ஏறினால்? 130 ரூபாய் கூடும். எண்ணில் தெரிவது 0.13 விழுக்காடு. ரிலையன்ஸின் அந்தப் பத்து விழுக்காடு என்பது 1.76 லட்சம் கோடி ரூபாய், அதாவது நாலு எம்ஆர்எஃப். அத்தனை பணம் ஒரே நாளில் கூடியும் இந்த எண் அசைந்ததாகக் காட்டாது.

ஈரோட்டுக்காரருக்கு இதை மஞ்சளை வைத்துச் சொன்னால் சட்டென்று பிடிபடும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்து ஏலத்தில் சிறப்பு ரகம் ஐந்து மூட்டை குவிண்டால் 18,000 ரூபாய்க்கும், சாதாரண விரலி இரண்டாயிரம் மூட்டை 14,000 ரூபாய்க்கும் போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் சராசரி 16,000. மறுநாள் அந்த ஐந்து மூட்டை ரகம் மட்டும் 20,000க்குப் போகிறது. சராசரி 17,000 ஆகிவிட்டது. மஞ்சள் குவிண்டாலுக்கு ஆயிரம் ஏறிவிட்டது என்று மார்க்கெட்டில் யாராவது சொல்வார்களா? எத்தனை மூட்டைக்கு அந்த விலை என்றுதான் முதலில் கேட்பார்கள். சென்செக்ஸும் நிஃப்டியும் அந்தக் கேள்வியைக் கேட்கின்றன, டோ ஜோன்ஸ் கேட்பதில்லை.

பிறகு ஏன் அமெரிக்கர்கள் அப்படி வைத்திருக்கிறார்கள்? பழக்கம்தான். 1896 மே மாதம் சார்லஸ் டோ 12 கம்பெனிகளின் விலையைத் தாளில் எழுதிக் கூட்டி 12ஆல் வகுத்தார். முதல் நாள் கிடைத்த எண் 40.94. கால்குலேட்டர்கூட இல்லாத காலத்தில் தினமும் மாலையில் போட முடிந்த கணக்கு அது. 1928இல் 30 கம்பெனிகள் ஆயின. முறை மட்டும் மாறவில்லை.

அந்த முறையில் தினசரிக் குழப்பத்தைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. நம் மூன்று பங்குக் கணக்கில் எம்ஆர்எஃப் திடீரென்று ஒரு பங்கைப் பத்தாகப் பிரிக்கிறது என்று கொள்வோம். விலை 10,000 ஆகும். கூட்டுத்தொகை 12,300 ஆகும். மூன்றால் வகுத்தால் எண் 4,100க்கு விழுந்துவிடும். யாருக்கும் ஒரு பைசா நட்டமில்லை, ஆனால் குறியீட்டெண் பாதாளத்துக்குப் போய்விட்டது. அதனால் வகுக்கும் எண்ணை மாற்றுவார்கள். 34,100 அப்படியே நிற்க வேண்டுமானால் இனிமேல் 3க்குப் பதில் 0.3607ஆல் வகுக்க வேண்டும். எண் காப்பாற்றப்பட்டது, சரி. செல்வாக்கு? நேற்றுவரை ரிலையன்ஸ் ஒரு விழுக்காடு ஏறினால் எண் 0.013 விழுக்காடு ஏறியது. இன்று அதே ஒரு விழுக்காட்டுக்கு 0.106 விழுக்காடு ஏறும். ரிலையன்ஸ் ஒன்றும் செய்யவில்லை. வேறொரு கம்பெனியின் போர்டு ரூமில் எடுத்த முடிவால் அதன் எடை எட்டு மடங்கானது.

இது கற்பனை இல்லை. 2020 ஆகஸ்ட் 31 அன்று ஆப்பிள் தன் பங்கை நாலாகப் பிரித்தது. சுமார் 500 டாலர் விலை 125 டாலரை ஒட்டி வந்தது. அதுவரை டோ ஜோன்ஸில் அதிக எடை உள்ள பங்கு ஆப்பிள்தான். அப்போது அமெரிக்காவிலேயே அதிக மதிப்புள்ள கம்பெனியும் அதுதான். மதிப்பில் ஒரு டாலர் குறையாமலே ஒரே இரவில் குறியீட்டில் நடு வரிசைக்குப் போய்விட்டது. தொழில்நுட்பத் துறையின் எடை இப்படிச் சரிந்ததால், அதே நாளில் எக்ஸான்மொபில் உள்ளிட்ட மூன்று கம்பெனிகளை வெளியேற்றி, சேல்ஸ்ஃபோர்ஸ் உள்ளிட்ட மூன்றைக் கொண்டுவந்தார்கள். 1928 முதல் இருந்துவந்த எண்ணெய்க் கம்பெனிக்கு வந்த வினை அது. இப்படிப் பல பிரிப்புகளைச் சமாளித்துச் சமாளித்து டோ ஜோன்ஸின் வகுக்கும் எண் இப்போது 0.16ஐ ஒட்டி இருக்கிறது. அதாவது முப்பதில் எந்த ஒரு பங்கு ஒரு டாலர் ஏறினாலும் குறியீடு ஆறு புள்ளிக்கு மேல் ஏறும். 40 டாலர் பங்கு ஒரு டாலர் ஏறுவது பெரிய சேதி. 500 டாலர் பங்கு ஒரு டாலர் ஏறுவது சேதியே இல்லை. டோ ஜோன்ஸுக்கு இரண்டும் ஒன்று.

ஜப்பானின் நிக்கெய் 225உம் இதே குடும்பம்தான், சில திருத்தங்களோடு. யூனிக்லோ பெயர் ஜவுளிக்காரரான உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை நடத்தும் ஃபாஸ்ட் ரீடெய்லிங் கம்பெனிக்கு அந்தக் குறியீட்டில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய எடை இருந்து வந்திருக்கிறது. ஜப்பானின் பெரிய கம்பெனியான டொயோட்டாவுக்கு அதில் அவ்வளவு எடை கிடையாது. கடைசியில் ஒரு பங்குக்கு இவ்வளவுதான் எடை என்று உச்சவரம்பு வைக்கும் நிலைக்கு அவர்களே வந்துவிட்டார்கள்.

நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். சென்செக்ஸ் 30 கம்பெனிகள், நிஃப்டி 50. இரண்டிலும் விலையைப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்குகிறார்கள். ஆனால் எல்லாப் பங்குகளையும் சேர்ப்பதில்லை. புரொமோட்டர் குடும்பம் பூட்டி வைத்திருக்கும் பங்குகளைக் கழித்துவிட்டு, சந்தையில் கை மாறக்கூடியதை மட்டும் எடுக்கிறார்கள். ஃப்ரீ ஃப்ளோட் என்று இதைச் சொல்வார்கள். சென்செக்ஸ் 2003 செப்டம்பரிலும் நிஃப்டி 2009 ஜூனிலும் இந்த முறைக்கு வந்தன. இதனால் என்ன மாறும் என்பதற்கு உங்கள் பங்கே சாட்சி. கேபிஆர் மில்லில் புரொமோட்டர்களிடம் எழுபது விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. எம்ஆர்எஃப்பில் அது சுமார் 28 விழுக்காடுதான். கழித்துப் பார்த்தால் எம்ஆர்எஃப் 30,500 கோடி, கேபிஆர் மில் 10,250 கோடி. முழு மதிப்பில் அருகருகே நின்ற இரண்டும் இப்போது மூன்றுக்கு ஒன்று என்று விலகிவிட்டன. ரிலையன்ஸில் பாதியைக் கழித்தாலும் 8.79 லட்சம் கோடி மிஞ்சுகிறது.

இந்த மூன்றையும் கூட்டினால் சுமார் 9.2 லட்சம் கோடி. இதை 1,000 புள்ளி என்று பெயரிட்டுத் தொடங்குவோம். இப்போது ஒரு நாள்: ரிலையன்ஸ் 2 விழுக்காடு ஏற்றம், எம்ஆர்எஃப் 3 விழுக்காடு இறக்கம், கேபிஆர் மில் 4 விழுக்காடு இறக்கம். விலை முறையில் ரிலையன்ஸால் 26 ரூபாய் கூடி, எம்ஆர்எஃப்பால் 3,000 ரூபாயும் கேபிஆரால் 40 ரூபாயும் குறைகின்றன. 34,100 இருந்த எண் 2.9 விழுக்காடு விழுகிறது. மதிப்பு முறையில் ரிலையன்ஸால் கூடியது 17,589 கோடி. மற்ற இரண்டும் சேர்ந்து குறைத்தது சுமார் 1,326 கோடி. 1,000 புள்ளி 1,017.7 ஆகிறது, கிட்டத்தட்ட 1.8 விழுக்காடு ஏற்றம். ஒரு டிவியில் "சந்தை சரிந்தது", இன்னொன்றில் "சந்தை பாய்ந்தது". இரண்டு கணக்கிலும் பிழை இல்லை.

உங்கள் புகாருக்கான விடையும் இதற்குள்ளேயே இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்குகள் நன்றாக விழுந்த நாளில் மதிப்புக் குறியீடு ஏறிவிட்டது. நம் சின்னக் கணக்கில் ரிலையன்ஸின் எடை 95 விழுக்காட்டுக்கு மேல். உண்மையான சென்செக்ஸில் அந்த அளவு இல்லை என்றாலும், எச்டிஎஃப்சி வங்கி, ரிலையன்ஸ், ஐசிஐசிஐ வங்கி என்ற மூன்று பேரே மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய எடையைத் தாங்குகிறார்கள். நிஃப்டியின் ஐம்பதில் முதல் பத்துக் கம்பெனிகளுக்கு பாதிக்கு மேல் எடை. அந்தப் பத்தும் ஏறி மற்ற நாற்பதும் இறங்கினால்கூட நிஃப்டி பச்சையில் நிற்க முடியும். "இன்று சந்தை உயர்ந்தது" என்பதற்கு அர்த்தம், பெரும்பாலான பங்குகள் உயர்ந்தன என்பதில்லை. பெரிய கம்பெனிகளில் இருக்கும் பணத்தின் மொத்த மதிப்பு உயர்ந்தது, அவ்வளவுதான்.

எம்ஆர்எஃப் உள்ளே இல்லாததற்கும் இதுவே காரணம். முப்பதுக்கும் ஐம்பதுக்கும் தேர்வு நடக்கும்போது லட்ச ரூபாய் விலையை யாரும் பார்ப்பதில்லை, முப்பதாயிரம் கோடியைத்தான் பார்க்கிறார்கள். அந்த அளவுக்கு அது நடுத்தரக் கம்பெனிகளின் வரிசையில்தான் நிற்கிறது. நேர்மாறான ஒன்றையும் பாருங்கள். 2020 மார்ச்சில் யெஸ் வங்கியை நிஃப்டியிலிருந்து நீக்கி ஸ்ரீ சிமெண்டைச் சேர்த்தார்கள். அப்போதே அதன் விலை பத்தாயிரத்தைத் தாண்டி இருந்தது. நிஃப்டி விலை முறையில் இருந்திருந்தால் அன்று முதல் அந்தச் சிமெண்ட் கம்பெனி அதிக எடை உள்ள பங்குகளில் ஒன்றாகியிருக்கும். மதிப்பு முறையில் அதற்குக் கிடைத்தது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான எடை. வந்ததே பலருக்குத் தெரியாது.

மதிப்பு முறைக்கு இன்னொரு நல்ல குணம், போனஸுக்கும் பிரிப்புக்கும் அது அசைவதில்லை. 2024 அக்டோபரில் ரிலையன்ஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது. விலை பாதியானது, எண்ணிக்கை இரட்டிப்பானது, பெருக்கல் அப்படியே நின்றது. கம்பெனி புதிதாகப் பங்கு வெளியிட்டுப் பணம் திரட்டினால் மட்டும் மதிப்பு கூடும். அது ஏற்றமாகக் கணக்கில் ஏறாதபடி அடிப்படை எண்ணைச் சரிசெய்து விடுகிறார்கள்.

மதிப்பு முறையே சரி என்பது என் கருத்து. ஆனால் அதன் எண் ஏறுகிறது என்பதைக் கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதில் கவனம் வேண்டும். முதலாவது, புள்ளியைப் பார்க்காதீர்கள். 1992 ஏப்ரல் 28 அன்று, ஹர்ஷத் மேத்தா ஊழல் வெடித்த வாரத்தில், சென்செக்ஸ் 570 புள்ளி விழுந்தது. அது பன்னிரண்டரை விழுக்காட்டுக்கு மேற்பட்ட சரிவு. ஒரு நாளில் எட்டில் ஒரு பங்கு பணம் போயிற்று. 80,000இல் இருக்கும் சென்செக்ஸில் அதே 570 புள்ளி முக்கால் விழுக்காடுகூட இல்லை. நீங்கள் டிவியில் பார்த்த 600 புள்ளியும் அந்த ரகம்தான். "வரலாறு காணாத புள்ளி உயர்வு" என்று தலைப்புப் போடுபவர்கள் இதை நன்றாகத் தெரிந்துதான் போடுகிறார்கள்.

அடுத்தது, 80,000 என்பது ரூபாய் இல்லை. 1978-79இல் 100 என்று வைத்துத் தொடங்கிய எண் அது. 2024 ஜூலையில் 80,000ஐத் தாண்டியபோது 45 வருடத்தில் 800 மடங்கு, ஆண்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 16 விழுக்காடு. இந்த 800 மடங்கில் டிவிடெண்ட் சேரவில்லை. விலைவாசி ஏற்றத்தைக் கழிக்கவும் இல்லை. முதலாவது உண்மைக் கணக்கைக் கூட்டும், இரண்டாவது குறைக்கும். டிவிடெண்டையும் திரும்ப முதலீடு செய்ததாகக் கொண்டு போடும் எண் தனியாக உண்டு. டிஆர்ஐ என்று அதற்குப் பெயர். மியூச்சுவல் ஃபண்டுகள் தங்கள் லாபத்தை இதோடுதான் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்பது செபியின் விதி.

மூன்றாவது, ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். 1986இல் சென்செக்ஸ் வெளிவந்தபோது இருந்த முப்பதில் பெரும்பாலானவை இன்று அதில் இல்லை. சத்யம் 2009 ஜனவரியில் மோசடி வெளிவந்த கையோடு வெளியே போனது. அதுவரை விழுந்த விழுக்காடு குறியீட்டைப் பாதித்தது உண்மை. வெளியே போன பிறகு நடந்தது குறியீட்டுக்குத் தெரியாது. கையில் பங்கு வைத்திருந்தவருக்குத்தான் தெரியும். குறியீடு நோஞ்சானை மாற்றிக்கொண்டே போகிறது. நாம் வாங்கிய பங்கை யாரும் வந்து மாற்றித் தருவதில்லை. நீண்ட கால ஏற்றத்தைக் காட்டி "எந்தப் பங்கு வாங்கினாலும் காலப்போக்கில் ஏறும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. உங்கள் பங்குகளைச் சென்செக்ஸோடு ஒப்பிடுவதை விடுங்கள். கேபிஆர் மில் போன்றவற்றுக்கு நிஃப்டி 500 அல்லது மிட்கேப், ஸ்மால்கேப் குறியீடுகள்தான் பொருத்தமான அளவுகோல். ஒப்பிடும்போது விழுக்காட்டில் பாருங்கள், டிவிடெண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய கம்பெனிகளிலேயே ஏற்றம் பரவலாக இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் நிஃப்டி 50ஐயும், அதே ஐம்பதுக்கும் சம எடை கொடுத்துப் போடும் நிஃப்டி 50 ஈக்வல் வெயிட் குறியீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் மூன்று பங்கு நாளில் சம எடை கொடுத்திருந்தால் 1.7 விழுக்காடு இறக்கம் என்று வந்திருக்கும். உங்கள் அனுபவத்துக்கு நெருக்கமான எண் அதுதான். எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு எடை என்பதை தேசியப் பங்குச் சந்தையின் குறியீட்டு நிறுவனம் மாதந்தோறும் niftyindices.com தளத்தில் இலவசமாக வெளியிடுகிறது. மகனிடம் சொல்லி இந்த மாதப் பட்டியலை இறக்கிப் பாருங்கள். முதல் பத்துப் பெயர்களில் உங்கள் கையில் இருப்பவை எத்தனை என்று எண்ணினால், டிவி சொல்லும் ஏற்றத்தில் உங்களுக்கு எவ்வளவு பங்கு என்பது தெரிந்துவிடும்.